பெரியப்பாகிட்ட வாங்கின 3 லட்சம்: ஒரே கடனுக்கு மூணு கணக்கு எப்படி வருது?

பேங்க் லோன்ல ஒரு வசதி உண்டு. நீங்க கணக்கே பார்க்க வேண்டாம். எவ்வளவு வட்டிக்குப் போச்சு, எவ்வளவு அசல்ல கழிஞ்சதுன்னு அவங்க ஸ்டேட்மெண்ட்லயே வந்துடும். ஆனா பெரியப்பா, மாமா, அத்தைகிட்ட வாங்கின கடனுக்கு ஸ்டேட்மெண்ட் கிடையாது. கைல காசு இருக்கும்போது கொஞ்சம் கொடுப்போம், போனஸ் வந்தா கொஞ்சம் அதிகமா கொடுப்போம், நடுவுல ஆறு மாசம் ஒண்ணுமே கொடுக்க மாட்டோம். கடைசியில "மொத்தமா முடிச்சுடலாம் பெரியப்பா, எவ்வளவு வருது?"ன்னு கேட்கும்போதுதான் பிரச்சனை ஆரம்பிக்கும்.

போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு கணக்கை எடுத்துக்கறேன். பேரை மாத்தி, தேதியையும் தொகையையும் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். கார்த்திக்னு வச்சுக்குவோம். சென்னையில வேலை, கல்யாணச் செலவுக்காக 2023 ஏப்ரல் 10ஆம் தேதி பெரியப்பாகிட்ட 3 லட்சம் வாங்கினார். பேங்க் டிரான்ஸ்ஃபர். பேசினது "ஒரு வட்டி". அவ்வளவுதான், வேற எதுவும் எழுதிக்கலை.

திருப்பிக் கொடுத்தது இப்படி: 2023 ஆகஸ்ட் 10ல் 25,000. 2024 ஜனவரி 25ல் 10,000; இது பெரியப்பா பையனுக்குக் காலேஜ் ஃபீஸா நேரா கட்டினது, "அதையும் நம்ம கணக்குல வச்சுக்கோப்பா"ன்னு பெரியப்பாவே சொன்னது. 2024 ஏப்ரல் 5ல் போனஸ் வந்து 60,000. தீபாவளி முடிஞ்சு நவம்பர் 2ல் 1 லட்சம். ஆக மொத்தம் 1,95,000. 2025 மார்ச் 31ஆம் தேதி மீதியை முடிக்கணும்னு உட்கார்ந்தாங்க.

பெரியப்பா சொன்ன பாக்கி ₹1,76,112. கார்த்திக் எக்செல்ல போட்டு வந்தது ₹1,57,772. வித்தியாசம் ₹18,340. பெரிய பணம் இல்லைதான். ஆனா "நாம உதவி பண்ணினோம், பையன் வட்டியைக் குறைக்கப் பார்க்கறான்"னு அவர் நினைக்கிறார். "சொந்தத்துலயே இப்படி வட்டி வாங்கறாரே"ன்னு இவர் நினைக்கிறார். அடுத்த மாசம் வீட்டுல ஒரு விசேஷம் வேற. ரெண்டு பேருமே ஏமாத்தலை. ரெண்டு பேரும் கூட்டல், கழித்தல்ல தப்பு பண்ணலை. ஆளுக்கொரு விதியை வச்சுக் கணக்கு போட்டிருக்காங்க, அந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொல்லலை.

முதல்ல "ஒரு வட்டி"ங்கறதைத் தெளிவாக்கிக்குவோம். நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபாய். வருஷத்துக்கு 12%. சில ஊர்ல இதையே ரூபாய்க்கு ஒரு பைசா வட்டின்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். இதுல யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் "எந்தத் தொகைக்கு 12%?"ங்கற கேள்வியில.

பெரியப்பாவோட கணக்கு ரொம்ப சிம்பிள். 3 லட்சம் கொடுத்தேன். 2023 ஏப்ரல் 10ல இருந்து 2025 மார்ச் 31 வரைக்கும் 721 நாள். 3 லட்சத்துக்கு 721 நாள் வட்டி ₹71,112. அசலும் வட்டியும் சேர்த்து 3,71,112, அதுல நீ கொடுத்த 1,95,000 போக மீதி 1,76,112. பேராசைன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர்ல புரோநோட்டுக் கடன் பழக்கமே அப்படித்தான்: மாசா மாசம் வட்டி தனியா வந்துடும், அசல் கடைசியில ஒரே தடவையா வரும். நடுவுல அசல் குறையற பேச்சே அதுல கிடையாது. அந்தப் பழக்கத்துல கணக்கு போட்டா இந்த நம்பர்தான் வரும். ஆனா இந்தக் கடன்ல பணம் நடுநடுவே திரும்பி வந்திருக்கு. நவம்பர்ல 1 லட்சம் அவர் கைக்குப் போயாச்சு, அதுக்கப்புறமும் அந்த 1 லட்சத்துக்குச் சேர்த்து கார்த்திக் வட்டி கட்டணும்னா அது நியாயம் இல்லை.

கார்த்திக்கோட கணக்கு இதுக்கு நேர் எதிர். கொடுத்த ஒவ்வொரு பைசாவையும் அன்னைக்கே அசல்ல கழிச்சுட்டார். 3 லட்சம், அப்புறம் 2,75,000, 2,65,000, 2,05,000, 1,05,000. ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு வட்டி. வட்டி மொத்தம் ₹52,772, அதைக் கடைசியில மீதி அசல் 1,05,000 கூடச் சேர்த்தா 1,57,772. பார்க்க ரொம்ப நியாயமா தெரியும். எனக்கு இதைக் காட்டுற பத்து பேர்ல எட்டு பேர் இப்படித்தான் போட்டிருப்பாங்க. இதுல ஒரு ஓட்டை இருக்கு: முதல் ரூபாய் வட்டி பெரியப்பா கைக்கு வர்றது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்.

வாடகை வீட்டை யோசிச்சுப் பாருங்க. நாலு மாச வாடகை பாக்கி இருக்கு. நீங்க 25,000 கொடுக்கறீங்க. "இது வாடகைக்கு இல்லை, அடுத்த வருஷம் நான் செய்யப்போற வேற ஒரு பாக்கிக்கு"ன்னு சொல்ல முடியுமா? ஏற்கனவே சேர்ந்துபோன வாடகைக்குத்தான் அது முதல்ல போகும். வட்டிங்கறது பணத்தோட வாடகை. கொடுக்கற தேதியில எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கோ அது முதல்ல கழியணும், மிச்சம் இருந்தாத்தான் அசல் குறையணும்.

இது என் சொந்த அபிப்ராயம் மட்டும் இல்லை. வேற மாதிரி பேசிக்காதபோது, கடன்காரர் கொடுக்கற பணம் முதல்ல வட்டிக்கும் அப்புறம்தான் அசலுக்கும் போகும்ங்கறது வழக்கமான விதின்னு உச்ச நீதிமன்றம் 1969லயே மேக்ராஜ் வழக்குல சொல்லியிருக்கு. "வேற மாதிரி பேசிக்காதபோது"ங்கறதைக் கவனிங்க. பெரியப்பா மனசு வச்சு "அசல்லயே கழிச்சுக்கோப்பா"ன்னு சொல்லிட்டா அது அவர் இஷ்டம், கார்த்திக்கோட கணக்கே சரியாயிடும். ஆனா அதை அவர் சொல்லணும். வாங்கினவர் தானா முடிவு பண்ணிக்க முடியாது.

சரி, இந்த விதிப்படி கணக்கை ஓட்டிப் பார்க்கலாம் வாங்க. நான் நாள் கணக்கு எடுக்கறேன், வருஷத்துக்கு 365 நாள். 2024 லீப் வருஷம்தான், அதுக்கும் 365ஏ வச்சுக்கறேன். இதுல வர்ற வித்தியாசம் நூறு ரூபாய்க்குள்ளதான்.

ஏப்ரல் 10ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் 122 நாள். 3 லட்சத்துக்கு வட்டி ₹12,033. கொடுத்தது 25,000. வட்டி போக ₹12,967 அசல்ல கழியும். மீதி அசல் ₹2,87,033.

அடுத்து ஜனவரி 25 வரைக்கும் 168 நாள். 2,87,033க்கு வட்டி ₹15,854. கொடுத்தது 10,000தான். இங்கதான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். வட்டிக்கே பத்தலை. அதனால அசல் ஒரு ரூபாய்கூடக் குறையலை, அதே 2,87,033. கட்டாம நிக்கிற வட்டி ₹5,854. இதை எங்க எழுதறோம்ங்கறதுதான் முக்கியம். அசலோட கூட்டி 2,92,887ன்னு எழுதிட்டா, அடுத்த நாள்ல இருந்து வட்டிக்கும் வட்டி ஓட ஆரம்பிச்சுடும். அது கூட்டு வட்டி. "ஒரு வட்டி"ன்னு பேசினா அது தனி வட்டிதான். கூட்டு வட்டி வேணும்னா அதைத் தனியா பேசியிருக்கணும். அதனால அந்த 5,854ஐ நிலுவை வட்டின்னு தனிக் காலத்துல வைக்கணும். அதுக்கு வட்டி கிடையாது.

அப்புறம் ஏப்ரல் 5 வரைக்கும் 71 நாள், வட்டி ₹6,700. நிலுவை 5,854ஐயும் சேர்த்தா ₹12,554. கொடுத்த 60,000ல இது போக ₹47,446 அசலுக்கு. மீதி அசல் ₹2,39,587. அங்கிருந்து நவம்பர் 2 வரைக்கும் 211 நாள், வட்டி ₹16,620. 1 லட்சத்துல அது போக 83,380 கழிஞ்சு அசல் ₹1,56,207. கடைசியா மார்ச் 31 வரைக்கும் 149 நாள், வட்டி ₹7,652.

ஆக முடிக்க வேண்டிய தொகை ₹1,63,859. மொத்த வட்டி ₹58,859. பெரியப்பா சொன்னதைவிட ₹12,253 கம்மி, கார்த்திக் சொன்னதைவிட ₹6,087 ஜாஸ்தி. நடுவுல வந்துச்சுங்கறதுக்காக இதைச் சமரசத் தொகைன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 1,66,942 வரும், அது யாருக்கும் சேராத ஒரு நம்பர். வீட்டுப் பெரியவங்க பஞ்சாயத்துல பெரும்பாலும் அதைத்தான் செய்வாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். கணக்கு இருக்கும்போது எதுக்குப் பாதிக்குப் பாதி?

இதை எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ போட நாலு ஃபார்முலா போதும். A காலத்துல தேதி, Bல கொடுத்த தொகை, Cல நாள், Dல அந்த இடைவெளிக்கான வட்டி, Eல நிலுவை வட்டி, Fல மீதி அசல். ரெண்டாவது வரிசையில கடன் வாங்கின தேதி, E2ல 0, F2ல 300000. மூணாவது வரிசையில இருந்து:

```
C3: =A3-A2
D3: =ROUND(F2*12%*C3/365,0)
E3: =MAX(0,E2+D3-B3)
F3: =F2-MAX(0,B3-E2-D3)
```

இதைக் கீழே இழுத்துட்டா போதும். கடைசி வரிசையில முடிக்கிற தேதியை மட்டும் போட்டு Bஐக் காலியா விடுங்க. அந்த வரிசையோட Eயும் Fம் சேர்ந்ததுதான் கட்ட வேண்டிய தொகை. சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. வாங்கின அசல், அதோட மொத்த வட்டி, அதுல கொடுத்தது எல்லாம் போக மீதி. இது E, F கூட்டுத்தொகைக்குச் சமமா இருக்கணும். இங்க 3,00,000 கூட்டல் 58,859 கழித்தல் 1,95,000, அதாவது 1,63,859. டேலி. இன்னொண்ணு, F காலத்தை மேலிருந்து கீழே பாருங்க. அது குறையலாம், அப்படியே நிக்கலாம், ஏறவே கூடாது. எங்கயாவது ஏறியிருந்தா அங்க கூட்டு வட்டி உள்ளே நுழைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

நம்ம கேஸ்ல கூட்டு வட்டி புகுந்திருந்தாலும் ₹154தான் கூடியிருக்கும், ஏன்னா நிலுவை சின்னது, நாளும் கம்மி. "அதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு கேட்கலாம். மூணு வருஷம் ஒண்ணுமே கொடுக்காத ஒருத்தரை எடுத்துக்கோங்க. 3 லட்சத்துக்குத் தனி வட்டி ₹1,08,000. நெட்ல கிடைக்கிற ஏதாவது லோன் கால்குலேட்டர்ல மாசக் கூட்டு வட்டியா போட்டா ₹1,29,231 காட்டும். ₹21,231 சும்மா ஏறிடும். அதனாலதான் இந்த மாதிரிக் கடனுக்கு பேங்க் கால்குலேட்டரைப் பயன்படுத்தாதீங்கன்னு சொல்றேன். அது மாசா மாசம் தவறாம கட்டுறவங்களுக்குச் செஞ்சது.

இந்த விதியில நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கார்த்திக் ஜனவரில கட்டின அந்த 10,000ஐ அப்பவே கட்டாம, ஏப்ரல் 5ல 60,000 கூடச் சேர்த்து 70,000ஆ கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ரூபாய்கூட மாறாது. சேர்ந்த வட்டியைவிடக் கம்மியா கொடுத்தா அசல் குறையாது, நிலுவை வட்டிக்கு வட்டியும் கிடையாது, அதனால முன்கூட்டிக் கொடுத்ததுல கணக்குப்படி லாபம் இல்லை. கொடுக்க வேண்டாம்னு சொல்லலை, அவருக்குத் தேவை இருந்துச்சு, கொடுத்தார், அது சரிதான். ஆனா வட்டியைக் குறைக்கணும்னு நினைச்சு ரெண்டாயிரம் மூவாயிரம்னு சில்லறையா அனுப்பறவங்க, அன்னைக்குத் தேதிக்கு வட்டி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு ஷீட்ல பார்த்துட்டு, அதைத் தாண்டின தொகையா அனுப்பினாத்தான் பலன். மறுபக்கம், பெரிய தொகை கைல வந்தா தள்ளிப்போடாதீங்க. அந்தப் போனஸ் 60,000ஐ கார்த்திக் சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே வச்சிருந்து நவம்பர்ல கொடுத்திருந்தா கூடுதலா ₹3,452 வட்டி ஆகியிருக்கும்.

இப்ப நான் கறாரா இருக்கற ஒரு விஷயம். கணக்கு எழுத வேண்டியது கடன் வாங்கினவர். கொடுத்தவர் இல்லை. உதவி பண்ணின மனுஷன் நோட்டு எடுத்து வட்டி எழுதினா ஈட்டிக்காரர் மாதிரி தெரியும்னு அவருக்கே கூச்சமா இருக்கும், அதனால எழுத மாட்டார், மனக்கணக்கா வச்சிருப்பார், அந்த மனக்கணக்குலதான் முழு 3 லட்சத்துக்கும் வட்டி ஓடும். நீங்க பணம் அனுப்பற அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுங்க: "பெரியப்பா, இன்னைக்கு 25,000 அனுப்பியிருக்கேன். இதுவரைக்கும் வட்டி 12,033, அசல்ல 12,967 கழிச்சிருக்கேன், மீதி அசல் 2,87,033. சரியா பார்த்துச் சொல்லுங்க." அவருக்கு வேற எண்ணம் இருந்தா அன்னைக்கே சொல்லிடுவார். தொடங்கின மாசத்தை முழு மாசமா எடுக்கற பழக்கம் உள்ளவரா இருந்தாலும் அது முதல் தடவையே வெளியே வந்துடும், நாள் கணக்கா மாசக் கணக்கான்னு அப்பவே பேசி முடிச்சுக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு 18,000 ரூபாய் வித்தியாசமா வந்து நிக்காது.

காலேஜ் ஃபீஸ் மாதிரி மூணாவது ஆளுக்குக் கொடுத்ததுக்கு இந்த மெசேஜ் இன்னும் முக்கியம். கார்த்திக்குக்கு அதிர்ஷ்டம், பெரியப்பா தானா ஞாபகம் வச்சிருந்தார். ஆஸ்பத்திரி பில் கட்டினது, ஊருக்கு வரும்போது கிரைண்டர் வாங்கிக் கொடுத்தது இதெல்லாம் கடன்ல சேருமா, அன்பளிப்பான்னு ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா யாருக்கும் நல்லா இருக்காது. பதில் வராத எதையும் நான் B காலத்துல எழுத விட மாட்டேன்.

வரி பக்கம் சுருக்கமா ரெண்டு விஷயம். 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கக் கூடாது, இது பலருக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கறதுக்கும் இதே மாதிரி விதி இருக்கு, அதுல நீங்க கொடுக்கற தவணை எவ்வளவுன்னு மட்டும் பார்க்கறதில்லை. கடனும் வட்டியும் சேர்ந்து 20,000 அல்லது அதுக்கு மேல நிலுவை இருக்கும்போது, 5,000 ரூபாயைக் கைல கொடுத்தாலும் விதிமீறல்தான், அபராதம் கொடுத்த தொகை அளவுக்கே வரலாம். சொந்தக்காரர்ங்கறதால விலக்கு கிடையாது. அதனால யுபிஐ, இல்லாட்டி பேங்க் டிரான்ஸ்ஃபர். உங்க ஷீட்டுக்குத் தேதி ஆதாரமும் அதுலயே கிடைச்சுடும். இன்னொண்ணு, பெரியப்பாவுக்கு வந்த வட்டி அவரோட வருமானம், அசல் திரும்பினது வருமானம் இல்லை. அவர் ரிட்டர்ன் போடறவரா இருந்தா, எந்த வருஷத்துக்கு எவ்வளவு வட்டிங்கற பிரிப்பு அவருக்கும் தேவைப்படும். ஷீட்டைக் காட்டினா அவரோட ஆடிட்டருக்கு வேலை சுலபம்.

கார்த்திக் கேஸ்ல என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டச் சொன்னேன். 12,000 ரூபாய் குறையுதுன்னு பெரியப்பா முதல்ல முகம் சுளிச்சாராம். நவம்பர்ல வந்த 1 லட்சத்தை அவர் அன்னைக்கே எஃப்.டி. போட்டிருந்தார், அதுக்கு பேங்க்லயும் வட்டி, கார்த்திக்கிட்டயும் வட்டின்னு ரெண்டு பக்கமும் ஓடியிருக்குன்னு அந்த வரிசையைக் காட்டினதும் புரிஞ்சுக்கிட்டார். கார்த்திக் தன் பங்குக்கு அந்த ₹6,087ஐப் பத்தி வாயைத் திறக்கலை. ₹1,63,859 டிரான்ஸ்ஃபர் ஆச்சு, "கணக்கு தீர்ந்தது"ன்னு பெரியப்பா பதில் அனுப்பினார். அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஷீட்டோட வச்சுக்கச் சொன்னேன்.